படுக்கையை விட்டு இறங்கும் முதல் அடி

"காலையில எந்திரிச்சு தரையில கால வெச்சா உயிரே போகுது டாக்டர். சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நாலு எட்டு நடந்தா கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடுது."

எலும்பு மருத்துவரிடம் இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லிவிட்டால் நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் முக்கால் பங்கு முடிந்தது. மீதிக்கு அவருடைய கட்டைவிரலே போதும். குதிகாலின் அடியில், உட்பக்கமாக, பாத வளைவு தொடங்கும் இடத்தில் அவர் அழுத்துகிறார். நோயாளி காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். பிறகு கால்விரல்களை, முக்கியமாகப் பெருவிரலை, மேல்நோக்கி வளைத்துவிட்டு அதே இடத்தை மறுபடி அழுத்தினால் வலி இன்னும் கூடுகிறது. இவ்வளவும் பொருந்திவந்தால் அது பெரும்பாலும் பிளான்டார் ஃபேசியைட்டிஸ்தான். ஊரில் குதிகால் வாதம் என்று சொல்லும் வலிகளில் பெரும்பங்கு இதுவே. நாற்பதிலிருந்து அறுபது வயதுவரை உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது.

நோயைக் கண்டுபிடிப்பது இத்தனை எளிது. குணமாவது மட்டும் எளிதல்ல. இரண்டு வாரத்தில் போய்விடும் என்று நம்பி மாத்திரை, தைலம், ஊசி என்று மாறிமாறிப் போகிறவர்கள் ஆறு மாதம் கழித்தும் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்திருக்கிறார்கள். காலடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஏன் இத்தனை மாதம் ஆகிறது என்பதும் அந்த மாதங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதும் தானாகவே விளங்கும்.

பாதத்தின் அடியில், தோலுக்கும் கொழுப்புக்கும் மேலாக, ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. குதி எலும்பின் அடிப்புறத்தில் புறப்பட்டு, முன்னே போகப்போக ஐந்தாகப் பிரிந்து விரல்களின் அடியில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பாதத்தின் வளைவு நிற்கும்போது சரிந்து விழாமல் இழுத்துக் கட்டியிருப்பது இதுதான். நடக்கும்போது இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜே. எச். ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1954இல் அதை விளக்கினார். பின்காலைத் தூக்கி முன்னே அடியெடுக்கும் நொடியில் கால்விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. அப்போது இந்தப் பட்டை, கிணற்று இராட்டினத்தில் கயிறு சுற்றிக்கொள்வதுபோல, விரல்களின் அடிமூட்டில் சுற்றி இறுகுகிறது. வளைவு உயர்ந்து, தளர்ந்திருந்த பாதம் ஒரு நெம்புகோலாக விறைக்கிறது. அதை ஊன்றித்தான் உடம்பை முன்னே தள்ளுகிறோம். ஒவ்வோர் அடியிலும் இந்த இழுப்பு போய்ச் சேர்வது குதி எலும்பில் பட்டை ஒட்டியிருக்கும் சிறிய இடத்தில். தேய்வதும் அந்த இடந்தான்.

தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. கெண்டைக்கால் தசையும் இந்தப் பட்டையும் ஏழெட்டு மணி நேரம் சுருங்கிய நிலையில் ஓய்கின்றன. எழுந்து முதல் அடி வைத்ததும் உடம்பின் முழு எடையும் இறங்கி, சுருங்கியிருந்ததை ஒரே நொடியில் இழுக்கிறது. நாலைந்து நிமிடம் நடந்தபின் பட்டை இளகுகிறது, வலி தணிகிறது. நெடுநேரம் பேருந்தில் உட்கார்ந்துவிட்டு இறங்கும்போது திரும்பவும் சுருக்கென்று குத்துவதும் இதனால்தான். நாள் முழுக்க நின்றால் மாலையில் வேறொரு மாதிரி, கனமான வலியாக வரும்.

இதை அழற்சி என்றுதான் வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2003இல் அமெரிக்காவில், அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த ஐம்பது பேரின் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அழற்சிக்கு உரிய அடையாளங்கள் கிடைக்கவில்லை. நார்கள் சிதைந்து, ஒழுங்கு குலைந்து, தேய்ந்திருந்தன. அறுவைச் சிகிச்சை வரை போனவர்களின் பழைய நோய் அது. புதிதாக வந்த வலியில் கொஞ்சம் அழற்சி இருக்கலாம். ஆனாலும் மாதக்கணக்கில் இருக்கும் குதிகால் வலிக்கு அழற்சி குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குவதில் ஏன் பெரிய பயன் கிடைப்பதில்லை என்பதற்கு இது நல்ல விளக்கம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கக்கூடிய அந்த மாத்திரைகளை, வலி தாங்காத சில நாள்களுக்கு மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யாருக்கு வருகிறது என்பதற்கும் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. 2003இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு, இந்த நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டது. மூன்று காரணங்கள் தனித்து நின்றன: கணுக்காலை மேல்நோக்கி மடக்க முடியாத இறுக்கம், மிகுந்த உடல் எடை, வேலை நேரத்தில் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பது. மூன்றில் முதலிடம் கணுக்கால் இறுக்கத்துக்கு. கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால், நடக்கும்போது கணுக்கால் மடங்க வேண்டிய அளவு மடங்காது. அந்தக் குறையைப் பாதத்தின் வளைவு தாழ்ந்து ஈடுகட்டும், இழுபடுவது நார்ப்பட்டை. வலி குதிகாலில் இருக்க, பயிற்சி கெண்டைக்காலுக்கும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்.

மூன்றும் ஒருவரிடமே கூடிவருவதைப் பார்க்க வேண்டுமானால் எந்த ஊரிலும் பெரிய ஜவுளிக்கடைக்குப் போனால் போதும். இப்படிக் கடையில் வேலைசெய்துவிட்டு வலியோடு வருகிறவர்களின் கதைகள் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்திருக்கும். அவற்றைச் சேர்த்து, ஓர் எடுத்துக்காட்டுக்காக, நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். புடவைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு எட்டரைக்குத்தான் கால் ஓயும். தளத்தில் பளபளப்பான டைல்ஸ். வீட்டிலும் டைல்ஸ்தான், அங்கே செருப்பு கிடையாது. வெளியே போகத் தேய்ந்துபோன ஹவாய் செருப்பு. இரண்டாம் பிள்ளைக்குப் பிறகு ஏறிய பத்துக் கிலோ இறங்கவேயில்லை. வலது குதிகால் வலித்து நாலு மாதம் ஆகிறது. எருக்கிலையைச் சூடான செங்கல்மேல் வைத்து மிதித்துப் பார்த்துவிட்டார். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வலியைவிடப் பயம் பெரிதாகிவிட்டது.

அந்தப் பயத்தை முதலில் இறக்கிவைப்பது நல்லது. எக்ஸ்ரேயில் குதி எலும்பின் அடியில் முள்போல முன்னோக்கித் துருத்திக்கொண்டு தெரிவது உண்மைதான். பிளான்டார் ஃபேசியைட்டிஸ் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்த முள் இருக்கிறது. மீதிப் பாதிக்கு அதே வலி, முள் இல்லை. வலியே இல்லாமல் வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்தவர்கள் பலருக்கும் இருக்கிறது. அது தசையைக் கிழித்துக்கொண்டு குத்துவதில்லை. பல ஆண்டு இழுப்புக்கும் பாரத்துக்கும் எலும்பு கொடுத்த எதிர்வினை. வலி முற்றிலும் நின்றுபோனவருக்கு ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தாலும் முள் அப்படியேதான் இருக்கும். அதை வெட்டி எடுக்க வேண்டும் என்று யாராவது முதல் சந்திப்பிலேயே சொன்னால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிடலாம்.

எருக்கிலை ஒத்தடத்தில் கிடைக்கும் இதம் பொய்யில்லை. சூடு இறுகிய திசுவைச் சற்று இளக்குகிறது. ஆனால் நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூடு செங்கல் பக்கமே போகக் கூடாது. தோல் வெந்த பிறகுதான் தெரியவரும். மாலையில் கனத்து வலிக்கும்போது, குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலை ஒரு துணியின்மேல் போட்டு, உட்கார்ந்தபடி ஐந்து பத்து நிமிடம் காலடியில் உருட்டுவது பலருக்கும் இதமாக இருக்கிறது. இதையும் உணர்ச்சி குறைந்த பாதத்தில் செய்யக் கூடாது. இவை எல்லாம் அன்றைய வலிக்கு. தேய்ந்த நார் சீராவதற்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வேலை படுக்கையிலேயே தொடங்குகிறது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரைச் சேர்ந்த டிஜியோவன்னி என்ற எலும்பு மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2003இல் ஒரு பயிற்சியைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்து மாதத்துக்கு மேலாகக் குதிகால் வலியோடு இருந்த நூற்றொரு பேர். ஒரு பிரிவினர் வழக்கமான கெண்டைக்கால் நீட்சியைச் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் நார்ப்பட்டையையே நேரடியாக இழுக்கும் பயிற்சியைச் செய்தார்கள். எட்டு வாரத்தில் இரண்டாம் பிரிவினருக்கு, முக்கியமாகக் காலையின் முதல் அடி வலியில், கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது.

செய்முறை இதுதான். கண்விழித்ததும், கால் தரையைத் தொடுவதற்கு முன்பே, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வலிக்கிற காலைத் தூக்கி மற்றத் தொடைமேல் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்துக் கையால் ஐந்து விரல்களையும் அடியோடு பிடித்து, முழங்காலை நோக்கி, காலடியில் இழுப்புத் தெரியும்வரை மடக்க வேண்டும். சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க மற்றக் கையின் கட்டைவிரலால் பாத வளைவைத் தடவிப் பார்க்கலாம். நார்ப்பட்டை ஒரு கம்பிபோல இறுகித் தட்டுப்பட்டால் சரி. பத்து நொடி பிடித்து விட வேண்டும். இப்படிப் பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று தடவை. முதல் தடவை கட்டாயம் காலையின் முதல் அடிக்கு முன். அடுத்தது, நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பதற்கு முன். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களும் எழுந்து உட்கார்ந்த நிலையிலேயே இதைச் செய்துவிடலாம்.

இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்று உண்டு. வலி தொடங்கிய பிறகு, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, நேரம் கிடைக்கும்போது செய்கிறார்கள். அதற்குள் நார்ப்பட்டை முதல் அடியின் அடியை வாங்கி முடித்திருக்கும். சிறுநீர் கழிக்க நள்ளிரவில் எழுந்தாலும் கணக்கு அதேதான். ஒரு நிமிடம் விரல்களை மடக்கிவிட்டு இறங்க வேண்டும்.

கெண்டைக்கால் நீட்சி சுவரோரம் நின்று செய்வது. இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னே வைத்து, முழங்காலை நேராக்கி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் உடம்பை முன்னே சாய்க்க வேண்டும். பாதம் நேராகச் சுவரைப் பார்த்திருக்கட்டும். வெளிப்பக்கம் திரும்பிவிட்டால் இழுப்பு வீணாகிறது. முப்பது நொடி, மூன்று முறை. அதன்பின் பின்காலின் முழங்காலைச் சற்று மடக்கி அதையே இன்னொரு தடவை செய்தால் கெண்டைக்காலின் உள்தசைக்கும் இழுப்புப் போகும்.

நீட்சி மட்டும் போதுமா என்ற கேள்விக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு விடை வந்தது. ராத்லெஃப் என்பவரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. நாற்பத்தெட்டு பேர். எல்லோருக்கும் குதிகாலுக்கு மெத்தை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நீட்சிப் பயிற்சி. மீதிப் பேருக்கு எடை தாங்கும் பயிற்சி: மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றைச் செருகி, வலிக்கிற ஒற்றைக் காலால் குதியை மெதுவாக உயர்த்தி இறக்குவது. ஏறுவதற்கு மூன்று நொடி, உச்சியில் இரண்டு நொடி, இறங்குவதற்கு மூன்று நொடி. துண்டு இருப்பதால் விரல்கள் மேலே மடங்கியே இருக்கும். ஹிக்ஸ் சொன்ன அந்த இறுக்கம் ஒவ்வொரு தடவையும் நார்ப்பட்டைக்குக் கிடைக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் செய்தார்கள். பலம் கூடக்கூட, புத்தகம் நிரப்பிய முதுகுப்பையை மாட்டிக்கொண்டு எடையை ஏற்றினார்கள்.

மூன்றாம் மாதத்தில் எடைப் பயிற்சிக்காரர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள். பன்னிரண்டாம் மாதத்தில் இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே இந்தப் பயிற்சி நோயை அதிசயமாய்ப் போக்கிவிடுவதில்லை. போகிற வழியைச் சுருக்குகிறது. மாதம் முழுக்க நின்று சம்பாதிக்க வேண்டியவருக்கு அது சிறிய விஷயமல்ல.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் நீட்சிகள் மட்டும். அதன்பின் இரண்டு காலாலும் சேர்ந்து தரையிலேயே குதியை உயர்த்துவதில் தொடங்கி, தாங்கும்போது படிக்கட்டுக்கும் ஒற்றைக் காலுக்கும் மாறலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான். செய்யும்போது வலி கொஞ்சம் இருக்கும், இருக்கலாம். அளவு கூடிவிட்டதா என்று சொல்வது மறுநாள் காலையின் முதல் அடி. வழக்கமான அளவு வலித்தால் தொடரலாம். வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் எடையையோ எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும். முற்றிலும் நிறுத்திவிட்டுக் கட்டிலில் படுப்பது தீர்வாகாது. வேலை எதுவும் கிடைக்காத நார் பலவீனமாகத்தான் ஆகும்.

இனி செருப்பு. தமிழ்நாட்டில் குதிகால் வலி என்று போனவர்களில் பலருக்கு முதலில் எழுதித்தரப்படுவது எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணறைகள் கொண்ட ரப்பரால் ஆன இந்தச் செருப்பின் வரலாறு வேலூர் வட்டாரத்தோடு பிணைந்தது. தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி இழந்தவர்களுக்குப் புண் வராமல் காக்க அங்கே இது வளர்ந்தது. அழுத்தத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புவதுதான் இதன் வேலை. நீரிழிவுக்காரர்களுக்கு இன்றும் இது அருமையான செருப்பு. ஆனால் குதிகால் நார்ப்பட்டைக்கு மென்மை மட்டும் போதாது. தட்டையான எம்.சி.ஆர். செருப்பு, பாத வளைவைத் தாங்குவதில்லை, குதியை உயர்த்துவதும் இல்லை. டைல்ஸில் வெறுங்காலோடு நடப்பதைவிட எவ்வளவோ மேல். அதோடு சரி.

பார்க்க வேண்டியவை வேறு. குதிப்பக்கம் முன்பக்கத்தைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் கெண்டைக்காலின் இழுப்புத் தளரும். வளைவுக்கு அடியில் அழுத்தமான ஒரு மேடு இருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் அப்படியே குழிந்துவிடுகிற பஞ்சு உதவாது. பின்னங்காலைச் சுற்றி வார் இருப்பது நல்லது. வார் இல்லாத செருப்பு கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வோர் அடியிலும் விரல்களால் அதைக் கவ்விப் பிடிக்கிறோம். பாதத்தின் அடித்தசைகளுக்கு அது ஓயாத வேலை. கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று: செருப்பை அல்லது ஷூவை இரண்டு முனையிலும் பிடித்து மடக்கிப் பார்க்க வேண்டும். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது. நட்டநடுவில் இரண்டாக மடங்கினால் வாங்க வேண்டாம். உயரமான கூர்ங்குதிச் செருப்பும் சரி, காகிதம்போல மெலிந்த தட்டைச் செருப்பும் சரி, இந்த நோய்க்கு இரண்டும் எதிரிதான்.

ஷூ போடுகிறவர்கள் உள்ளே வைக்கும் இன்சோல் வாங்கலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் காலை அச்செடுத்துச் செய்ய வேண்டுமா என்று கேட்டால், அவசியமில்லை என்பதே பெரும்பாலோருக்கான பதில். 2006இல் ஆஸ்திரேலியாவில் நூற்று முப்பத்தைந்து பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆயத்தமாகக் கிடைக்கும் உறுதியான இன்சோலும் அளவெடுத்துச் செய்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. அந்தப் பலனும் முதல் மூன்று மாதத்துக்கான சிறிய பலன். ஒரு வருட முடிவில், வெறும் ஒப்புக்கு வைத்த மெல்லிய பஞ்சுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பாதத்தின் வடிவம் மிகவும் மாறியிருப்பவர்களுக்கு வேண்டுமானால் அச்செடுத்துச் செய்வது தேவைப்படலாம்.

செருப்பு விஷயத்தில் நம் வீடுகள்தான் பெரிய தடை. வெளியே எவ்வளவு நல்ல செருப்புப் போட்டாலும், வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தபின் அடுப்படி, கிணற்றடி, மாடி என்று நாளெல்லாம் கிரானைட்டிலும் டைல்ஸிலும் வெறுங்காலோடுதான் நடக்கிறோம். வீட்டுக்குள் செருப்பு என்றால் மாமியார் முகம் சுளிப்பார். இதற்காகவே வெளியே ஒரு தடவைகூடப் போடாத, கழுவிய ஒரு சோடியைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துவிடுவதுதான் வழி. பூசையறை வாசலில் மட்டும் கழற்றலாம். காலை நீட்சி முடிந்ததும் தரையைத் தொடாமல் நேராக அதில் காலை நுழைக்க வேண்டும். சமையல் மேடைக்கு முன்னால் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று போட்டுக்கொள்வதும் உதவும்.

கடையில் நிற்பதைக் குறைக்க முடியுமா? தமிழ்நாட்டில் அதற்குச் சட்டமே இருக்கிறது. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின் 2018இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வசதி செய்துதர வேண்டும், வேலையினூடே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று சேர்த்தது. சட்டம் வந்ததும் எல்லாக் கடையிலும் முக்காலி வந்துவிட்டது என்று யாரும் நம்பமாட்டார்கள். இருந்தாலும் மருத்துவர் எழுதித்தரும் ஒரு சீட்டோடு கேட்பதற்கு இடம் இருக்கிறது. மணிக்கு ஐந்து நிமிடம் உட்கார்வது, பில் போடும் மேசைக்குச் சில மாதம் மாற்றிக்கொள்வது போன்றவை நார்ப்பட்டைக்கு எந்தத் தைலத்தைவிடவும் அதிகம் செய்யும். உட்கார்ந்துவிட்டு எழும்போது விரல்களை மடக்கிவிட்டு எழ வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஊசி பற்றிக் கேட்காதவர் இல்லை. ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி போட்டுச் சோதித்ததில் அந்த நிவாரணம் நான்கு வாரம் அளவுக்கு நின்றது. அதன்பின் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் பெரிய வேறுபாடில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை அறுந்துபோகவும் குதிகாலின் இயற்கையான கொழுப்பு மெத்தை கரைந்துபோகவும் கூடும். மெத்தை போய்விட்டால் திரும்ப வராது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். பண்டிகை வியாபாரத்தை எப்படியாவது தாண்டியாக வேண்டும் என்பது போன்ற நெருக்கடிக்கு ஒரே ஒரு தடவை, பயிற்சியையும் விடாமல், என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வலி போய்விட்டதே என்று பயிற்சியை நிறுத்துவதற்காகப் போடும் ஊசியில் நியாயம் இல்லை.

குதிகாலில் வலிப்பதெல்லாம் இந்த நோய் அல்ல. வலி குதியின் அடியில் இல்லாமல் பின்புறம் இருந்தால் அது குதிநாணின் கோளாறு. இரண்டு உள்ளங்கைகளாலும் குதி எலும்பைப் பக்கவாட்டில் வைத்து நெருக்கும்போது கடுமையாக வலித்தால், அதுவும் நடக்க நடக்க வலி தணியாமல் கூடினால், எலும்பில் நுண்ணிய முறிவு இருக்கலாம். திடீரென ஓட்டப்பயிற்சி தொடங்கியவர்களிடமும் எலும்பு மெலிந்த பெண்களிடமும் இதை நினைக்க வேண்டும். எரிச்சல், மரத்துப்போதல், மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவருக்கு இரண்டு குதிகாலும் ஒருசேர வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால் அது மூட்டுவாதத்தின் ஒரு வகையாக இருக்கக்கூடும். நீட்சிப் பயிற்சியில் அதை நாள்கடத்தக் கூடாது. நடந்துகொண்டிருக்கும்போது காலடியில் 'டப்'பென்று ஏதோ அறுந்ததுபோலிருந்து உடனே வீங்கினால் நார்ப்பட்டை கிழிந்திருக்கலாம். காய்ச்சலோடு, இரவில் படுத்திருக்கும்போதும் விடாமல் வலிப்பதும் உடனே காட்ட வேண்டிய அடையாளம்.

இவை எதுவும் இல்லையென்றால், எத்தனை நாள்? இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் சரியாகும் என்பது. அது பொதுவாக உண்மை. ஆனால் 2018இல் டென்மார்க்கில், மருத்துவமனைக்கு வந்த நூற்றெழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று கொஞ்சம் கசப்பான செய்தியைச் சொன்னது: ஐந்து ஆண்டு கழித்தும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் தொந்தரவு இருந்தது. பெரிய மருத்துவமனை வரை போகிறவர்கள் எளிதில் சரியாகாதவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தெருமுனை மருத்துவரோடு முடித்துக்கொண்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாரக் கணக்கில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார், மாதக் கணக்கில் திட்டமிடுகிறவர் பெரும்பாலும் ஏமாறமாட்டார். வலி தொடங்கிய சில வாரங்களிலேயே பயிற்சியில் இறங்கியவருக்குப் பொதுவாக விரைவில் குறைகிறது. வருடக்கணக்கில் இழுத்துப்போட்டவருக்குத் தாமதமாகிறது.

ஜவுளிக்கடைப் பெண்ணின் மாதங்கள் ஏறக்குறைய இப்படிப் போகலாம். காலையின் முதல் அடி வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஞாயிறுதோறும் நாட்காட்டியில் ஓர் எண்ணைக் குறிக்கிறார். தொடக்கம் எட்டு. மூன்றாம் வாரத்திலும் எட்டுதான், ஒரு வாரம் ஏழு. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆறாம் எட்டாம் வாரங்களில் ஆறு, ஐந்து என்று இறங்குகிறது. முதலில் குறைவது வலியின் கடுமையைவிட அது நீடிக்கும் நேரம். இருபது நிமிடம் நொண்டியது ஐந்து நிமிடமாகிறது. மூன்றாம் மாத முடிவில் நான்கு. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டிவருகிறது, எண் மறுபடி ஏழுக்கு ஏறுகிறது. நோய் திரும்பிவிட்டது என்று அவர் கலங்குவார். உண்மையில் அது பாரம் கூடியதற்கான கணக்கு மட்டுமே. பயிற்சியைச் சற்றுக் குறைத்துத் தொடர்ந்தால், அந்த ஏற்றம் இரண்டு மூன்று வாரத்தில் தணிகிறது. ஆறாம் மாதத்தில் இரண்டு. சில காலைகளில் ஒன்றுமே இல்லை. அதன் பிறகும் இரண்டு மூன்று மாதம் பயிற்சி தொடர வேண்டும்.

நாட்காட்டியில் மூன்று மாதமாக எண் அசையவே இல்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்ப் பயிற்சியைச் சரியாகத்தான் செய்கிறோமா என்று பார்ப்பது முதல் வேலை; விரல்களை அடியோடு பிடிக்காமல் நுனியை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நிறைய. ஆறு மாதத்துக்குப் பின்னும் மாற்றமில்லை என்றால் நோய் இதுதானா என்று அல்ட்ராசவுண்டில் மறுபடி பார்ப்பார்கள். நார்ப்பட்டையின் தடிப்பு வழக்கமாக நான்கு மில்லிமீட்டருக்குள் இருக்கும், இந்த நோயில் அதைத் தாண்டும். அடுத்த படி அதிர்வலைச் சிகிச்சை. வெளியிலிருந்து அழுத்த அலைகளைக் குதிகாலில் செலுத்துவார்கள், பெரும்பாலும் வாரம் ஒன்றாக மூன்று வாரம். வலிக்கும், கத்தி இல்லை. நார்ப்பட்டையின் ஒரு பகுதியை வெட்டித் தளர்த்தும் அறுவைச் சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படுகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் மற்ற எல்லாவற்றையும் முறையாகச் செய்து பார்த்த பிறகுதான் மருத்துவர்கள் அந்தப் பேச்சை எடுப்பார்கள்.